99 படம் வர வேண்டும், 99 வந்திருக்கிறது. ஆனாலும் ஒரு விரிப்பைக் காணோம்

பாம்பன்_அலை (இழையைத் தொடங்கியவர்)

பாம்பன் பக்கம் ஒரு கருவாட்டு வியாபாரக் குடும்பத்தின் பழைய கணக்கு நோட்டுகளைப் போட்டோ எடுத்து வைக்கிறோம். 1961 முதல் 1966 வரை ஏழு நோட்டுகள். படங்கள் எழுநூறுக்குக் கொஞ்சம் குறைவு. கொழும்புக்குப் போன சிப்பங்கள், உப்புக் கூலி, படகுக்காரருக்குக் கொடுத்த முன்பணம் எல்லாம் அதில் இருக்கிறது. அடுத்த வாரத்திலிருந்து பெயரிடும் வேலையை என்னோடு இருக்கும் தம்பி பார்க்கப் போகிறான். அவனுக்கு எழுதியிருப்பதைக் கீழே அப்படியே போடுகிறேன். ஓட்டை இருந்தால் இப்போதே சொல்லுங்கள், அனுப்பும் முன் திருத்திவிடுகிறேன்.

தம்பி,

நோட்டைத் திறந்து வைத்தால் கண்ணுக்குத் தெரியும் இரண்டு பக்கத்தையும் சேர்த்து விரிப்பு என்று சொல்கிறேன். ஒரு விரிப்புக்கு ஒரு படம். பெயர் இப்படி இருக்கும்:

```
PB-K05-A.jpg
PB-K05-V000.jpg
PB-K05-V001.jpg
...
PB-K05-V096.jpg
PB-K05-Z.jpg
```

PB பாம்பன், K05 ஐந்தாம் கணக்கு நோட்டு, V விரிப்பு. A முன்னட்டை, Z பின்னட்டை. அகர வரிசையில் அடுக்கினால் முன்னட்டை தலைக்கும் பின்னட்டை கடைசிக்கும் தானாகவே போய்விடும். முன்னட்டையின் உள்பக்கமும் முதல் தாளும் சேர்ந்ததுதான் V000. ஐந்தாம் தாளின் பின்பக்கமும் ஆறாம் தாளின் முன்பக்கமும் சேர்ந்தது V005. எண் எப்போதும் மூன்று இலக்கம்.

பெயரில் ஆள் பெயர், சரக்கு, தேதி எதையும் சேர்க்காதே. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதை நாம் தப்பாகப் படிக்கலாம், நாளைக்கு வேறொருவர் திருத்தலாம். அந்தத் தாள் நோட்டில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது மட்டும் மாறாது. மற்றதெல்லாம் பதிவு அட்டவணையில் போகட்டும்.

படம் எடுக்கும்போது நோட்டுக்குப் பக்கத்தில் எண் எழுதிய துண்டுச் சீட்டு ஒன்று சட்டகத்துக்குள் தெரியும்படி வைத்திருக்கிறோம். பெயர் போனாலும் படத்துக்குள்ளேயே எண் இருக்கும். சீட்டில் உள்ள எண்ணைப் பார்த்து அதே எண்ணைப் பெயராக வை. போனிலிருந்து வந்த மூலப் படங்கள் `IMG_` என்று தொடங்கும். அவற்றைத் தொடாதே. நகல் எடுத்து, நகலுக்குத்தான் பெயர் மாற்ற வேண்டும்.

எனக்குப் படம் அனுப்புவதானால் வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாதே. அது படத்தைச் சுருக்கிவிடும், எடுத்த நேரத்தையும் துடைத்துவிடும். பென் டிரைவில் கொடு.

நோட்டு முடிந்ததும் எண்ணிப் பார். தாள் எத்தனையோ அதோடு மூன்று கூட்டினால் படத்தின் எண்ணிக்கை வர வேண்டும். 96 தாள் நோட்டுக்கு விரிப்பு 97, அட்டை 2, ஆக 99. எண்ணிக்கை சரியாக இருந்தால் படங்களை வரிசையாக ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு எனக்குச் சொல். நான் இன்னொருமுறை ஓட்டிப் பார்ப்பேன்.

தொண்டித்_துறை

அக்கா, நல்ல வேலை. போனில் ஸ்கேன் செய்ய எந்த ஆப் நல்லது? அப்பாவின் வீட்டுப் பத்திரமும் படகுப் பேப்பர்களும் ஒரு டப்பாவில் கிடக்கின்றன. போன ஐப்பசி மழையில் பாதி நனைந்துவிட்டது. எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் ஆக்கி வைத்துவிடலாம் என்று பார்க்கிறேன்.

பாம்பன்_அலை

தம்பி, ஆப் பற்றித் தனி இழை போடுங்கள், நானும் வந்து எழுதுகிறேன். ஒன்று மட்டும்: ஒரே பிடிஎஃப் ஆக்கினாலும் தனித்தனிப் படங்களை அழித்துவிடாதீர்கள். சில ஆப் ஓரத்தைத் தானாக வெட்டும். முத்திரையோ கைநாட்டோ பெரும்பாலும் ஓரத்தில்தான் இருக்கும்.

பதிவறை_முன்னாள்

அம்மா, பெயரிடும் முறையில் குறை இல்லை. இடத்தை வைத்துப் பெயர், எண் சீட்டு, மூலத்தைத் தொடாமை மூன்றும் சரி. சரிபார்ப்பில்தான் ஓட்டை இருக்கிறது.

நீங்களும் தம்பியும் இரண்டு பேருமே கோப்புறையைத்தான் பார்க்கிறீர்கள். எடுக்காமல் விட்ட பக்கம் கோப்புறையில் இருக்காது. இல்லாததை எத்தனை பேர் எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தாலும் கண்ணில் படாது. சரிபார்ப்பு நோட்டிலிருந்து தொடங்கி படத்துக்கு வர வேண்டும். ஒருவர் கையில் நோட்டு, இன்னொருவர் முன்னால் திரை. நோட்டு வைத்திருப்பவர் தாளைத் திருப்பி, விரிப்பின் எண்ணையும் இடப்பக்கம் மேலே முதலில் உள்ள சொல்லையும் வாசிப்பார். திரை முன் இருப்பவர் அந்த எண்ணுள்ள கோப்பைத் திறந்து, அதே சொல் இருந்தால் "இருக்கு" என்பார். 97 விரிப்புக்கு அரை மணி நேரம் ஆகும். படம் எடுத்தவரிடம் நோட்டைக் கொடுக்க வேண்டாம், மற்றவர் வைத்துக்கொள்ளட்டும்.

நோட்டு வைத்திருப்பவரும் எண்ணுவதில் தவறலாம். அதனால் முன்கூட்டியே பத்துத் தாளுக்கு ஒரு சீட்டைச் செருகி வையுங்கள். 10, 20, 30 என்று அந்தச் சீட்டில் எழுதியிருக்கட்டும். பிறர் வீட்டு நோட்டில் பென்சிலால்கூட எண் போடாதீர்கள்.

எண்ணிக்கை சரி என்பதை நம்பவே நம்பாதீர்கள். ஒன்று விட்டுப்போய் ஒன்று இரண்டுமுறை விழுந்தால் எண்ணிக்கை சரியாகத்தான் வரும்.

மண்டபம்_கணினி

இதற்கெல்லாம் ஆள் உட்கார்ந்து வாசிக்கத் தேவையில்லை. செக்சம் போட்டுவிட்டால் கணினியே சரிபார்க்கும்:

```
sha256sum *.jpg > PB-K05.sha256
sha256sum -c PB-K05.sha256
```

எல்லாவற்றுக்கும் `OK` வந்தால் வேலை முடிந்தது. அப்புறம் மூன்று இலக்கமும் வீண் வேலை. விண்டோஸில் 2-க்குப் பிறகு 10 சரியாகத்தான் வருகிறது, நானே பார்த்திருக்கிறேன்.

பதிவறை_முன்னாள்

தம்பி, செக்சம் கட்டாயம் போடுங்கள். இந்த வன்வட்டிலிருந்து அந்த வன்வட்டுக்குப் போன கோப்பு ஒரு துளியும் மாறாமல் போயிருக்கிறதா என்று அது சொல்லும். ஆனால் 41 என்று பெயர் வைத்த படத்துக்குள் 42-ஆம் விரிப்பு இருந்தால், அந்தத் தப்பையும் துளி மாறாமல் இருக்கிறது என்றுதான் சொல்லும். பெயரும் பக்கமும் பொருந்துகிறதா என்பது அதன் வேலை இல்லை. நோட்டும் படமும் ஒத்துப்பார்த்து முடிந்த பிறகு போட வேண்டிய பூட்டு அது.

இலக்க விஷயம்: விண்டோஸ் கோப்புறைச் சாளரம் எண்ணைப் புரிந்துகொண்டு அடுக்குகிறது என்பது உண்மை. ஆனால் அதே கோப்புகளை லினக்ஸில் `ls` என்று பட்டியலிட்டால் `V1`, `V10`, `V11` எல்லாம் போன பிறகுதான் `V2` வரும். இவர்களின் கோப்புகள் இனி எந்தெந்தக் கணினிக்குப் போகும் என்று யாருக்கும் தெரியாது. இரண்டு சுழியம் சேர்ப்பதில் என்ன நஷ்டம்?

மண்டபம்_கணினி

செக்சம் பற்றிச் சொன்னது சரி, நான் நகலெடுப்பதை மட்டும் நினைத்துவிட்டேன். இலக்கத்தையும் ஒத்துக்கொள்கிறேன்.

கீழக்கரை_காக்கா

ஏன் எல்லோரும் ஆங்கில எழுத்திலேயே பெயர் வைக்கிறீர்கள்? `கணக்கு05-விரிப்பு041.jpg` என்று வைத்தால் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு உடனே புரியுமே. இன்றைக்கு எல்லாக் கணினியும் தமிழ்ப் பெயரை ஏற்றுக்கொள்கிறது.

இன்னொரு விஷயம். என் உம்மா வழியில் வந்த நோட்டுகள் சில அரபுத்தமிழில் இருக்கின்றன. அவை வலப்பக்கத்திலிருந்து திறக்கும். உங்கள் முறையில் "இடப்பக்கம் மேலே முதல் சொல்" என்று வாசித்தால் அது அந்த விரிப்பின் இரண்டாவது பக்கம். நான் படம் எடுத்தபோது பழக்கதோஷத்தில் இடமிருந்து தொடங்கி, ஒரு நோட்டு முழுவதையும் பின்னாலிருந்து முன்னால் எண்ணிட்டுவிட்டேன். மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

பதிவறை_முன்னாள்

காக்கா, அது மிகவும் முக்கியம். பதிவு அட்டவணையில் நோட்டுக்கு ஒரு வரி இருக்குமே, அதில் "வலமிருந்து" என்று எழுதிவையுங்கள். எழுத்து எந்தப் பக்கம் தொடங்குகிறதோ அதுதான் முன்னட்டை, அதுதான் A.

தமிழ்ப் பெயரில் எனக்கு ஒரு பயம் உண்டு. "கொ" என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், எகரக் கொம்பையும் காலையும் தனித்தனியாக வைத்தும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு பெயர். "கொழும்பு" என்று தேடினால் பாதிக் கோப்பு வராது. கால் குறிக்குப் பதில் ரகரத்தைத் தட்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

கீழக்கரை_காக்கா

"கணக்கு", "விரிப்பு" இரண்டிலும் ஒகரம் இல்லையே. அப்படிப்பட்ட சொல்லாகத் தேர்ந்தெடுத்தால் போச்சு. நான் தமிழிலேயே வைக்கிறேன்.

பாம்பன்_அலை

உங்கள் நோட்டுக்கு அது பொருந்தலாம் காக்கா. எங்களிடம் மூன்று பேர் மூன்று விதமான தட்டச்சு வைத்திருக்கிறோம். நாங்கள் இப்படியே இருந்துகொள்கிறோம்.

ஐயா சொன்னபடி தம்பியை நோட்டிலிருந்து சரிபார்க்கச் சொல்லியிருக்கிறேன். ஐந்தாம் நோட்டை முதலில் எடுத்திருக்கிறான். அதில்தான் எண்ணிக்கை 99 என்று கச்சிதமாக வந்தது. சிக்கல் எதுவும் இருக்காது என்று நினைக்கிறேன்.

அலையின்_தம்பி

அந்தத் தம்பி நான்தான். இருந்தது அக்கா.

ஐந்தாம் நோட்டில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கூட்டுத்தொகை இருக்கிறது. அடுத்த பக்கத்தின் தலையில் அதே தொகையை மறுபடி எழுதித்தான் கணக்கைத் தொடர்ந்திருக்கிறார்கள். அதனால் முதல் சொல்லுக்குப் பதில் இந்தத் தொகையையே வாசிக்கச் சொன்னேன். வீட்டுப் பெரியவரின் பேத்தி நோட்டைப் பிடித்துக்கொண்டு வாசித்தாள், நான் திரையில் பார்த்தேன். 40 வரை ஒழுங்காக வந்தது. V040-இல் வலப்பக்கம் அடியில் 1,284 ரூபாய் 60 நயா பைசா. V041-ஐத் திறந்தால் தலையில் 1,391 ரூபாய் 15. அவள் கையில் இருந்த நோட்டில் 1,284-60 தான் தலையில் இருந்தது. தாளைத் திருப்பின பிறகுதான் 1,391-15 வந்தது.

41-ஆம் தாளும் 42-ஆம் தாளும் கீழ் ஓரத்தில் விரல் அகலத்துக்கு ஒட்டியிருக்கின்றன. படம் எடுத்த அன்று இரண்டையும் ஒரே தாள் என்று திருப்பியிருக்கிறோம். நடுவில் இருந்த விரிப்பு படமாகவே இல்லை. கொழும்புச் சிப்பக் கணக்கு இரண்டு பக்கம் போயிருக்கிறது.

அப்படியென்றால் எண்ணிக்கை எப்படி 99 வந்தது என்று தொடர்ந்து பார்த்தோம். சீட்டு 41 உள்ள படம் உண்மையில் 42-ஆம் விரிப்பு. சீட்டு 42 உள்ளது 43. இப்படியே ஒன்று தள்ளித் தள்ளி வந்து, சீட்டு 62 உள்ள படம் 63-ஆம் விரிப்பு. அந்தப் படம் கலங்கலாக இருக்கிறது. ஆடி மாதம் திண்ணையில் வைத்துத்தானே எடுத்தோம், கச்சான் காற்றில் தாள் எழும்பியிருக்கிறது. அதனால் அதே விரிப்பை மறுபடி எடுத்திருக்கிறோம். எடுக்கும்போது சீட்டையும் 63 என்று மாற்றிவிட்டோம். அங்கே கணக்கு தானாகச் சேர்ந்துகொண்டது. 64 முதல் 96 வரை எல்லாம் சரி.

ஆக விட்டது ஒரு விரிப்பு, தப்பான எண்ணில் இருப்பது 22 படம். ஆரம்பத்தையும் கடைசியையும் மட்டும் எடுத்துப் பார்த்திருந்தால் எதுவுமே தெரிந்திருக்காது.

பாம்பன்_அலை

படித்ததும் நெஞ்சு பதறிவிட்டது. நான் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்த நோட்டு அது. சீட்டு எண்கள் வரிசையாக வந்ததால் மனசு ஆறிவிட்டது. சீட்டு எத்தனையாவது படம் என்றுதான் எண்ணியிருக்கிறது, எத்தனையாவது தாள் என்று எண்ணவில்லை. தம்பி, அந்தப் பிள்ளைக்கு என் நன்றியைச் சொல்.

தொண்டித்_துறை

ஒட்டிய தாளை ஆவியில் காட்டினால் பிரிந்துவிடும் அக்கா. தபால் உறையை அப்படித்தான் பிரிப்போம்.

பதிவறை_முன்னாள்

வேண்டவே வேண்டாம். பேனா மை ஈரம் பட்டால் ஊறிப் பரவிவிடும், எழுத்தே போய்விடும். ஓரம் மட்டும் ஒட்டியிருந்தால், ஈரக்காற்று இல்லாத உலர்ந்த நாளில் மெல்லிய வழவழப்பான அட்டையை ஒட்டாத பக்கத்திலிருந்து மெதுவாக நகர்த்திப் பார்க்கலாம். வரவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். முடிந்தவரை திறந்து பிடித்துப் படம் எடுத்து, அட்டவணையில் "அடி ஓரம் ஒட்டியிருக்கிறது" என்று எழுதுங்கள். அடியில்தான் கூட்டுத்தொகை இருக்கிறது. அது கிழிந்தால் மறுபடி வராது. மறைந்திருந்தால் அடுத்த பக்கத்தின் தலையிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

மண்டபம்_கணினி

22 கோப்புக்கும் பெயரை ஒரு நொடியில் மாற்றலாம். முதலில் 62-ஆம் படத்தை ஒதுக்கிவிட்டு, பின்னாலிருந்து முன்னால் வர வேண்டும். முன்னாலிருந்து தொடங்கினால் 41-ஐ 42 ஆக்கும்போது ஏற்கெனவே உள்ள 42-இன் மேல் எழுதிவிடும்.

```
mv -n PB-K05-V062.jpg PB-K05-V063x.jpg
for i in $(seq 61 -1 41); do
  mv -n PB-K05-V0$i.jpg PB-K05-V0$((i+1)).jpg
done
```

`-n` இருப்பதால் அதே பெயரில் கோப்பு இருந்தால் மேலே எழுதாது. முடிந்ததும் 41 காலியாக இருக்கும், புதுப் படத்தை அங்கே வைக்கலாம்.

பதிவறை_முன்னாள்

கட்டளை சரி. ஆனால் அதன் பிறகு கோப்பின் பெயர் 042 என்றும், படத்துக்குள் இருக்கும் சீட்டு 41 என்றும் சொல்லும். பத்து வருஷம் கழித்துப் பார்ப்பவர் எதை நம்புவார்? நோட்டு எட்டாத தூரத்துக்குப் போயிருந்தால் பெயரை மாற்றி, அட்டவணையில் ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதச் சொல்வேன். நோட்டு அந்த வீட்டிலேயே இருக்கிறதே. 41 முதல் 62 வரை சரியான சீட்டோடு மறுபடி எடுத்துவிடுங்கள். 22 படம்தான்.

மண்டபம்_கணினி

பழைய நோட்டை எத்தனை தடவை விரிப்பது ஐயா? ஒவ்வொரு தடவையும் தையல் தளரும். அட்டவணையில் ஒரு வரி எழுதினால் போதும் என்பதுதான் என் எண்ணம்.

பாம்பன்_அலை

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒட்டிய விரிப்புக்காக நோட்டை எப்படியும் திறக்கத்தான் போகிறோம். ஐந்தாம் நோட்டின் தையல் உறுதியாக இருப்பதால் மறுபடி எடுத்துவிடுகிறோம். இரண்டாம் நோட்டு தாள் தாளாக உதிர்கிறது. அதில் இப்படி ஏதாவது வந்தால் மண்டபம் தம்பி சொன்ன வழிதான்.

கீழக்கரை_காக்கா

தேதியைப் பெயரில் சேர்க்காதே என்று எழுதியிருந்தீர்கள். வருஷமாவது சேர்த்தால் தேட வசதியாக இருக்குமே? 1964 கடைசியில் தனுஷ்கோடியைப் புயல் அடித்த நாட்களில் கணக்கு என்ன ஆனது என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள்.

அலையின்_தம்பி

கேட்டார்கள் காக்கா, அந்த வீட்டிலேயே கேட்டார்கள். ஆனால் நோட்டில் "குரோதி மார்கழி" என்று மட்டும்தான் இருக்கிறது. அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் வருமே. 1964-65 குரோதி, 2024-25-உம் குரோதி. அந்த மாதத்தின் சில பக்கங்களில் வருஷப் பெயரே இல்லை. ஒரே விரிப்பில் இடப்பக்கம் கார்த்திகை, வலப்பக்கம் மார்கழி என்று வரும் இடமும் உண்டு. எதைப் பெயரில் எழுதுவது? அட்டவணையில் "நோட்டில் உள்ளபடி" என்று ஒரு கட்டமும், "ஆங்கிலத் தேதி, நம் கணிப்பு" என்று இன்னொரு கட்டமும் வைத்திருக்கிறேன்.

கீழக்கரை_காக்கா

அட்டவணை தொலைந்தால்?

பாம்பன்_அலை

அந்தக் கவலை எனக்கும் இருக்கிறது. இப்போதைக்கு அட்டவணையின் நகலை ஒவ்வொரு நோட்டின் கோப்புறைக்குள்ளும் போடுகிறோம், அச்செடுத்து அந்த வீட்டிலும் கொடுக்கிறோம். இதைவிட நல்ல வழி யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள்.

தம்பிக்கு எழுதியதில் கடைசிப் பத்தியை எடுத்துவிட்டு இதைச் சேர்த்திருக்கிறேன்:

தம்பி, படம் எடுக்கும் முன் தாள்களை எண்ணி, பத்துக்கு ஒரு சீட்டைச் செருகு. எடுக்கும்போது அந்தச் சீட்டு வரும் இடத்தில் நிறுத்தி, உன் கையில் உள்ள எண்ணும் அதுவும் ஒன்றா என்று பார். 50-ஆம் தாளில் 49 என்று இருந்தால் முந்திய பத்துத் தாளுக்குள்தான் தப்பு இருக்கிறது, அங்கேயே தேடு. கலங்கிய படத்தை மறுபடி எடுக்கும்போது சீட்டை மாற்றாதே. அதே எண்ணில் இரண்டு படம் இருக்கட்டும், பெயரிடும்போது கலங்கியதற்கு x சேர். முடிந்ததும் நோட்டை நான் பிடித்துக்கொள்கிறேன், நீ திரையைப் பார். கூட்டுத்தொகை உள்ள நோட்டில் தொகையை வாசிப்போம், இல்லாததில் முதல் சொல்லை வாசிப்போம். எல்லாம் ஒத்துவந்த பிறகு மண்டபம் தம்பி சொன்ன செக்சத்தைப் போட்டு, அட்டவணையில் இருவர் பெயரையும் தேதியையும் எழுதுவோம். அதுவரை அந்த நோட்டு முடிந்ததாக யாரிடமும் சொல்ல வேண்டாம்.

அலையின்_தம்பி

சரி அக்கா. இன்று காலை வெயில் நன்றாக இருந்தது. அட்டையை மேலிருந்து விட்டுப் பார்த்தேன், முக்கால்வாசி ஓரம் பிரிந்தது, மூலையில் ஒரு நகக்கண் அளவு மட்டும் பிடித்திருக்கிறது, அதை விட்டுவிட்டேன். V041 எடுத்தாயிற்று. தலையில் 1,284-60 இருக்கிறது, வலப்பக்கம் அடியில் 1,391-15 தெரிகிறது. மற்ற 21-ஐயும் மதியத்துக்குள் எடுத்துவிடுவேன். ஆறாம் நோட்டிலும் எண்ணிக்கை 99 வந்திருக்கிறது. நாளைக்கு நீங்கள் வந்தால் அதை வாசித்துவிடலாம்.